டையோடு நல்லாத்தான் இருக்கு. மாஸ்ஃபெட் ஏன் எரியுது?

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கு ஒன்று பழுதாகி வருகிறது. உள்ளே இருக்கும் சிறு போர்டின் வேலை, 12 வோல்ட்டை 48 வோல்ட்டாக ஏற்றி, தொடராகக் கோத்த எல்.இ.டி.களுக்குக் கொடுப்பது. டையோடு வெடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, கடை டப்பாவில் எப்போதும் கிடக்கும் 1N4007 ஒன்றைப் போடுகிறார்கள். 1 ஆம்பியர் தாங்கும், 1000 வோல்ட் தாங்கும். கழற்றிய டையோடும் அதே கறுப்பு உருளை, அதே வெள்ளைக் கோடு, அதே 1 ஆம்பியர், 1000 வோல்ட்தான். அதன் மேல் UF4007 என்று எழுதியிருந்தது என்பது மட்டுமே வித்தியாசம். விளக்கு எரிகிறது. சில நிமிடங்களில் மாஸ்ஃபெட் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, பிறகு போய்விடுகிறது. புது மாஸ்ஃபெட் போட்டால் அதுவும் போகிறது. மல்டிமீட்டரில் டையோடைச் சோதித்தால், ஒரு பக்கம் 0.5 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டுகிறது. மறுபக்கம் ஒன்றும் இல்லை. அதாவது, நல்ல டையோடு.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது நின்று நிதானமாகக் கேட்கிறது. டையோடும் நிதானமாகப் பதில் சொல்கிறது. போர்டிலோ அதே டையோடிடம் நொடிக்கு 1 லட்சம் தடவை 'மூடு, திற' என்று கேட்கிறார்கள். அங்கேதான் அது தடுமாறுகிறது.

டையோடு ஒரு பக்கம் மட்டுமே மின்சாரத்தை விடும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் திசை மாறிய அந்தக் கணமே அது மூடிக்கொள்வதில்லை. நேர்த்திசையில் மின்சாரம் ஓடும்போது, சந்தியைத் தாண்டி எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் மின்துளைகள் மறுபக்கமும் போய்க் குவிகின்றன. போன இடத்தில் எதிர்ஜோடியைச் சந்தித்து மறையும்வரை அவை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் மின்னழுத்தத்தைத் திடீரெனத் திருப்பினால், குவிந்திருந்தவை வந்த வழியே திரும்பி ஓடுகின்றன. வாசலில் கூட்டம் நிற்கும்போது கதவைச் சாத்த முடியாதல்லவா? அந்தக் கூட்டம் வடியும்வரை டையோடு எதிர்த்திசையிலும் வெறும் கம்பி போலவே மின்சாரத்தை விடும். வடிந்த பிறகுதான் மூடும். இதற்கு ஆகும் நேரமே மீட்பு நேரம். டேட்டாஷீட்டில் இதை trr என்று குறிப்பார்கள்.

UF4007-க்கு இது அதிகபட்சம் 75 நானோசெகண்ட். 1N4007-ன் டேட்டாஷீட்டில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. தயாரித்தவர்கள் மறைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தை டி.சி.யாக்கும் வேலைக்கு அது தேவைப்படவில்லை. நடைமுறையில் அது சில மைக்ரோசெகண்ட் எடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு அரைச்சுற்றே 10,000 மைக்ரோசெகண்ட். அதில் இரண்டோ மூன்றோ பின்னோக்கிக் கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 10 மைக்ரோசெகண்ட்தான். 12-ஐ 48 ஆக்கும் நம் போர்டில், அதிலும் கால் பங்குதான் டையோடு திறந்திருக்க வேண்டிய நேரம்.

இனி மாஸ்ஃபெட் பக்கம் வருவோம். மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது காயிலில் மின்சாரம் ஏறுகிறது. ஆஃப் ஆனதும் காயில் தன் மின்சாரத்தை டையோடு வழியாக வெளியே இருக்கும் கெப்பாசிட்டருக்குத் தள்ளுகிறது. மறுபடி மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது டையோடு உடனே மூட வேண்டும். மூடவில்லை என்றால், 48 வோல்ட் ஏறிய கெப்பாசிட்டர், மூடாத டையோடு, ஆன் ஆகிய மாஸ்ஃபெட் மூன்றும் ஒரே வளையமாகிவிடும். நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். டையோடு மூடுவதற்குள் 1 மைக்ரோகூலோம் மின்னூட்டம் பின்னோக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட்டில் அது ஒரு தடவைக்கு 48 மைக்ரோஜூல். மிகச் சொற்பம். நொடிக்கு 50 தடவை நடந்தால் 2.4 மில்லிவாட், யாரும் கவலைப்பட மாட்டார்கள். நொடிக்கு 1 லட்சம் தடவை நடந்தால் 4.8 வாட். விளக்கே 10 வாட் விளக்கு என்றால், அதில் பாதி அளவு சக்தி வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது மாஸ்ஃபெட். ஏனென்றால் டையோடு மூடும்வரை 48 வோல்ட்டின் பெரும்பகுதி மாஸ்ஃபெட்டின் மேலேயே நிற்கிறது; காயிலின் மின்சாரமும் பின்னோக்கி வரும் மின்சாரமும் சேர்ந்து அதன் வழியாகவே ஓடுகின்றன. ஹீட்சிங்க் இல்லாத சாதாரண மாஸ்ஃபெட் 1 வாட்டுக்குச் சுமார் 60 டிகிரி சூடேறும். மீதியை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். தப்பு செய்தது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு!

இதோடு நிற்பதில்லை. சூடு ஏற ஏற, டையோடுக்குள் மின்துளைகளின் ஆயுளும் கூடுகிறது. மீட்பு நேரம் இன்னும் நீள்கிறது. அதனால் சூடு இன்னும் கூடுகிறது. போட்டவுடன் நன்றாக எரிந்த விளக்கு சில நிமிடம் கழித்துச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நேரில் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். டையோடுடன் தொடராக 1 ஓமுக்கும் குறைவான ஒரு ரெசிஸ்டரை வைத்து, அதன் குறுக்கே வரும் அலையைப் பார்த்தால், மின்சாரம் பூஜ்ஜியத்தில் நிற்காமல் கோட்டுக்குக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, பிறகு மேலே வருவது தெரியும். மேலே வரும் விதமும் முக்கியம். மெல்ல வந்தால் தொல்லை இல்லை. வெடுக்கென்று அறுந்தால், கம்பிகளிலும் போர்டின் தடங்களிலும் உள்ள சிறு தூண்டல் பெரிய மின்னழுத்தக் குத்தலை எழுப்பும்; அலை சில மெகாஹெர்ட்ஸில் நடுங்கும்; பக்கத்தில் வைத்த ரேடியோ கரகரக்கும். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு உடம்பில் எழுதிய எண்ணைப் படிப்பது ஒன்றே வழி.

அப்படியானால் எல்லா டையோடையும் வேகமாகவே செய்யக் கூடாதா? செய்யலாம், விலை உண்டு. சிலிக்கானுக்குள் தங்கம் அல்லது பிளாட்டினம் அணுக்களைச் சிறிதளவு கலப்பார்கள், அல்லது எலக்ட்ரான் கதிர்களால் அதைத் தாக்குவார்கள். அந்தக் குறைகளில் மின்துளைகள் சீக்கிரம் மாட்டி மறைந்துவிடும். ஆனால் நேர்த்திசை மின்னழுத்த இழப்பு கூடும்: 1 ஆம்பியரில் 1N4007 அதிகபட்சம் 1.1 வோல்ட்டை விழுங்கினால், UF4007 1.7 வோல்ட் வரை விழுங்கலாம். 50 ஹெர்ட்ஸ் வேலைக்கு மெதுவான டையோடே சிக்கனம்.

ஷாட்கி டையோடில் இந்தக் குவியலே இல்லை; அது உலோகமும் சிலிக்கானும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்வது. நம் போர்டுக்கு 100 வோல்ட் தாங்கும் SB1100 அழகாகப் பொருந்தும். கடையில் எளிதில் கிடைக்கிறது என்று 1N5819-ஐப் போட்டுவிடக் கூடாது; அது 40 வோல்ட் வரைதான் தாங்கும். சிலிக்கான் ஷாட்கிக்கு மின்னழுத்த வரம்பு குறைவு, கசிவும் அதிகம். பல நூறு வோல்ட் வேண்டிய இடங்களில் இப்போது சிலிக்கான் கார்பைடு ஷாட்கி போடுகிறார்கள். 2001-ல் கடைக்கு வந்த சரக்கு.

1N4007-ன் இந்த மந்தத்தையே வேண்டிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. சொந்தமாக ரேடியோ கட்டும் ஹாம் ஆர்வலர்கள் ஆன்டெனாவை ஒலிபரப்பிக்கும் வாங்கிக்கும் மாற்றிவிட விலையுயர்ந்த பின் டையோடுக்குப் பதிலாக இதைப் போடுகிறார்கள். சிறு டி.சி. மின்சாரத்தை அதில் ஓடவிட்டால் உள்ளே மின்னூட்டம் குவிந்து நிற்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் அரைச்சுற்று சுமார் 71 நானோசெகண்ட்தான். அதற்குள் அந்தக் குவியலை வடித்துவிட முடியாது. அதனால் அலை இரு திசையிலும் தடையில்லாமல் போய்வரும். டி.சி.யை நிறுத்தினால் வழி அடைபடும்.