வெட்டி ஒட்டிய நாற்காலியின் நிழல்

ஒரு படத்திலிருந்து வெட்டியெடுத்த பொருளை வேறொரு படத்தில் வைக்கும்போது இரண்டு விஷயங்கள் பொருந்த வேண்டும். ஒன்று, வெளிச்சம் வரும் திசை. மற்றது, நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மை அல்லது மங்கல் என்பது. விளிம்பை எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும், இவற்றில் ஒன்று தவறினால் பொருள் தரையில் நிற்காமல் மிதக்கும்.

ஜன்னல் ஓரம் எடுத்த மர நாற்காலியை, சாயங்கால வெயிலில் எடுத்த முற்றத்துப் படத்தில் வைப்பதாகக் கொள்வோம். முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பம் ஒன்று இருக்கிறது. அதன் நிழல் வலப்பக்கம் சுமார் 1.7 மீட்டர் நீண்டு கிடக்கிறது. அப்படியானால் சூரியன் இடப்பக்கம், தரையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 90 செ.மீ. உயர நாற்காலிக்கு ஒன்றரை மீட்டர் நிழல் விழ வேண்டும். வெயிலில் நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் விழும் என்பதால், கம்பத்தின் நிழலே நாற்காலிக்கும் வழிகாட்டி. தெருவிளக்கின் கீழ் எடுத்த படமென்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிழல்கள் விளக்குக்கம்பத்தின் அடியிலிருந்து நாலாபுறமும் விரியும்.

அடுத்து நாற்காலியையே பார்க்க வேண்டும். ஜன்னல் அதன் வலப்பக்கம் இருந்திருந்தால் வலப்பக்கக் கால்கள் வெளுத்தும் இடப்பக்கக் கால்கள் கறுத்தும் இருக்கும். முற்றத்துக்கு இது நேர் எதிர். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். புடவை கட்டிய பெண்ணின் படத்தில் இந்த வழி உதவாது, முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும். எழுத்து உள்ள பொருளிலும் அப்படியே. உயரக் கோணத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் சாயங்கால வெயிலோடு ஒத்துப்போகிறது. உச்சி வெயில் படத்தில் இதே நாற்காலி ஒட்டாது. அங்கே இருக்கைப் பலகை பளிச்சென்றும் அதன் அடிப்புறம் இருண்டும் இருந்தாக வேண்டும்.

நிழலின் மங்கல், வெளிச்சம் தரும் பரப்பு பொருளிலிருந்து பார்க்க எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமே தெரிகிறது. அதனால் நிழலை வீழ்த்தும் விளிம்புக்கும் நிழலுக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் இருந்தால், நிழலோரம் சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு மீட்டர் அகல ஜன்னலோ, வெறும் 10 செ.மீ. இடைவெளிக்கே 5 செ.மீ. மங்கலைத் தந்துவிடும். நாற்காலியின் பழைய நிழலை அப்படியே கொண்டுவருவது பலிக்காததற்குக் காரணம் இதுதான். வெயில் நிழல் கால்கள் தரையைத் தொடும் இடத்தில் கத்திபோல் கூராகவும், போகப்போக மங்கலாகவும் இருக்கும். முதுகுச் சாய்வின் உச்சிக்கும் அதன் நிழலுக்கும் இடையே 1.8 மீட்டர், ஆகவே நுனியில் மங்கல் சுமார் 1.7 செ.மீ.

நிழலை உருவாக்கும்போது பலரும் நாற்காலியின் நகலைக் கறுப்பாக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். பானை போன்ற உருண்டைப் பொருளுக்கு இது ஓரளவு சரி. நாற்காலிக்கு ஆகாது: கேமரா முன்னாலிருந்து பார்க்கிறது, சூரியனோ பக்கவாட்டிலிருந்து பார்க்கிறது, இரண்டுக்கும் தெரியும் வடிவம் வேறு. நான்கு கால்களின் அடியிலிருந்தும் கம்பத்து நிழலின் திசையில் தனித்தனிக் கோடுகள் இழுத்து, அவற்றின் மேல் இருக்கையின் நிழலையும் முதுகின் நிழலையும் சேர்க்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் நாற்காலி தரையில் உட்காருவது இங்கேதான்.

வரைந்த நிழலை Multiply முறையில் வைத்தால் தரையின் மண்ணும் கல்லும் அதனூடே தெரியும். படத்தில் நாற்காலி 900 பிக்சல் உயரம் என்றால் நுனியின் மங்கல் 17 பிக்சல். Gaussian Blur அளவாக 17-ஐக் கொடுத்தால் மிகையாகிவிடும். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 4, போதும். மங்கலான நகலையும் கூரான நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காலடியில் கூரானதும் நுனியில் மங்கலானதும் தெரியும்படி மாஸ்க்கால் கலக்கலாம். நிறத்தைக் கம்பத்தின் நிழலிலிருந்தே எடுக்க வேண்டும். திறந்தவெளி நிழலுக்கு வானத்தின் வெளிச்சம் கிடைப்பதால் அது லேசாக நீலம் பாய்ந்திருக்கும். வெறும் கறுப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். கால் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் சின்னதாக ஓர் அடர்ந்த இருட்டு வேண்டும், அங்கே வானத்தின் வெளிச்சமும் நுழைவதில்லை.

எதிர்த்திசையில் இந்த மாற்றம் எளிதல்ல. கடும் வெயிலில் எடுத்த நாற்காலியின் இருக்கைமேல் அதன் முதுகுக் கம்பிகளின் நிழல் கோடுகோடாக விழுந்திருக்கும். மேகமூட்டப் படத்தில் அதை வைத்தால், தரை நிழலை எவ்வளவு மங்கலாக்கினாலும் அந்தக் கோடுகள் வெயிலைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்போது மேகமூட்டத்தில் வேறொரு படம் எடுப்பதே வழி.

முடிந்தபின் மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் Curves கொண்டு தற்காலிகமாக மிகக் கூட்டிப் பார்க்கலாம். நாற்காலியின் நிழலும் கம்பத்தின் நிழலும் ஒரே அளவில் வெளுத்தால் அடர்த்தி சரி. ஒன்று மட்டும் கறுப்பாகவே நின்றால் அதன் அடர்த்தியைக் குறைக்க வேண்டும்.