லிங்க்ட்இன் தரும் பி.டி.எஃப்., ரெஸ்யூமே ஆகுமா?

லிங்க்ட்இன்னில் உங்கள் பக்கத்தைக் கணினியில் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள Resources அல்லது More பொத்தானை அழுத்தினால் Save to PDF என்று வரும். அதைத் தொட்டதும் Profile.pdf இறங்கிவிடும். அவசரத்தில் பலர் அதையே வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆள் எடுப்பவர்களுக்கு இந்தக் கோப்பு பார்த்ததுமே தெரிந்துவிடும். இடது பக்கம் அடர்நிறப் பட்டை. அதில் தொடர்பு விவரம், Top Skills என்ற தலைப்பில் மூன்றே மூன்று திறன்கள், மொழிகள், சான்றிதழ்கள். வலது பக்கம் பெயர், சுருக்கம், வேலை அனுபவம், படிப்பு. எழுத்தையோ வரிசையையோ மாற்ற வழியில்லை. அதோடு, இதே கோப்பை உங்கள் பக்கத்திலிருந்து அவர்களே இறக்கிக்கொள்ள முடியும். நீங்கள் அனுப்புவதால் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் மென்பொருளிலும் சிக்கல் வரலாம். கோப்பு முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இடப்பட்டையில் உள்ளவை முதலில் வரும். உங்கள் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். மென்பொருளுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இந்த வரிசைதான். சில மென்பொருள்கள் சமாளித்துக்கொள்ளும். சில, திறனையும் பெயரையும் குழப்பிக்கொள்ளும்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை உள்ளடக்கத்தில் இருக்கிறது. திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பணிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பக்கத்தில் முதல் மூன்று திறன்கள் எக்ஸெல், குழுப்பணி, தகவல்தொடர்பு. பி.டி.எஃப்.பில் அவை மட்டுமே தெரியும். அனுபவப் பகுதியில் ‘கணக்குகளைக் கவனித்தேன்’ என்று ஒரே வரி. விளம்பரம் கேட்பதோ ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி தாக்கல், உள்ளீட்டு வரிச் சலுகையைச் சரிபார்த்தல், டேலி. இவை அனைத்தும் அவர் தினமும் செய்தவை. கோப்பில் எங்கும் இல்லை.

இந்த விளம்பரத்துக்கென எழுதும் ரெஸ்யூமேயில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் முதல் பாதியிலேயே வர வேண்டும். மாதம் எத்தனை பில்கள், எத்தனை ஜி.எஸ்.டி. பதிவெண்கள், சப்ளையர் பில்லும் 2பி அறிக்கையும் ஒத்துப்போகாதபோது என்ன செய்தார் என்பதை அவர் கையாண்ட உண்மையான எண்களோடு எழுத வேண்டும். சம்பந்தமில்லாத பழைய வேலைகள் ஒரு வரியில் அடங்கலாம். பொதுப் பக்கத்தில் எழுதத் தயங்கும் விவரங்களுக்கும் இங்கே இடமுண்டு. முதலாளியின் ரகசியம் மட்டும் கூடாது.

அந்த பி.டி.எஃப்.பை ரெஸ்யூமே எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சேர்ந்த மாதம், விலகிய மாதம், பதவியின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடலாம். இரண்டும் முரண்பட்டால், நேர்காணலில் முதல் கேள்வி அதுவாகவே இருக்கக்கூடும்.