ஏழாவது ஆளின் கணக்கு

திருப்பூரில் நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்னத் தையல் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். துணியை வெட்டி, கட்டுக் கட்டாகக் கம்பெனி அனுப்பிவிடும். தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு 18 ரூபாய் கூலி. சீசன் நேரத்தில் கம்பெனிக்காரர் போன் செய்கிறார்: "தினமும் இன்னும் 20 பீஸ் சேர்த்துக் கொடுங்க. அந்த 20க்கு மட்டும் பீஸுக்கு 20 ரூபா போட்டுத் தர்றேன்."

யூனிட் முதலாளியின் நோட்டில், ஒரு டீ ஷர்ட் தைக்க ஆகும் சராசரிச் செலவு 16 ரூபாய் 29 காசு. பீஸுக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் மிஞ்சும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒப்புக்கொண்டால் அந்த ஒவ்வொரு பீஸிலும் 10 ரூபாய் கையை விட்டுப் போகும். காரணம், நோட்டில் இருக்கும் எண் வேறு கேள்விக்கான விடை.

அந்த யூனிட்டின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக், ஒரு சிங்கர் என நான்கு மெஷின்கள். வாடகை, மெஷின் கடன் தவணை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2,100 ரூபாய். ஒரு பீஸும் தைக்காவிட்டாலும் இது போகும். இதுதான் மாறாச் செலவு. ஆளுக்கு நாள் கூலி 600 ரூபாய். ஆள் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். இது மாறும் செலவு. எல்லோரும் ஒரே அளவு கைத்திறன் உள்ளவர்கள் என்றும், நூல், மின்சாரச் செலவு கம்பெனியுடையது என்றும் கொள்வோம்.

| ஆட்கள் | மொத்த பீஸ் | கூடுதல் பீஸ் | கூடுதல் பீஸின் செலவு (ரூ.) | சராசரிச் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|
| 1 | 40 | 40 | 15.00 | 67.50 |
| 2 | 100 | 60 | 10.00 | 33.00 |
| 3 | 180 | 80 | 7.50 | 21.67 |
| 4 | 250 | 70 | 8.57 | 18.00 |
| 5 | 310 | 60 | 10.00 | 16.45 |
| 6 | 350 | 40 | 15.00 | 16.29 |
| 7 | 370 | 20 | 30.00 | 17.03 |

முதல் இரண்டு பத்திகள்தான் உற்பத்திச் சார்பு. இத்தனை மெஷின், இத்தனை ஆள் போட்டால் இத்தனை பீஸ் வரும் என்று சொல்லும் உறவு அது. அதில் ரூபாய் எதுவும் இல்லை; தையல் வேலை நடக்கும் விதம் மட்டுமே இருக்கிறது.

ஒரே ஆள் என்றால் ஓவர்லாக்கில் தோள் மூட்டி, கை வைத்து, எழுந்து பிளாட்லாக்குக்குப் போய்க் கீழ்மடிப்பு அடித்து, சிங்கரில் லேபிள் வைக்க வேண்டும். நடையிலேயே நேரம் போகும். மூன்று பேர் வந்ததும் ஆளுக்கொரு மெஷின், கை பழகிவிடும். அதனால்தான் மூன்றாவது ஆள் 80 பீஸ் கூட்டுகிறார். நான்காவது ஆள் இரண்டாம் ஓவர்லாக்கில் உட்காருகிறார். ஐந்தாவது ஆள் கைமடி. கட்டுப் பிரித்து எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டுகிறார். ஆறாவது ஆள் செக்கிங் பார்த்து, டெய்லர் சாப்பிடப் போகும்போது மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். ஏழாவது ஆள் வரும்போது செய்ய மிச்சமிருப்பது துண்டு வேலைகள்தான். இருப்பதோ ஒரே பிளாட்லாக். அதன் முன்னால் கட்டுகள் குவிகின்றன.

இதுதான் குறைந்து செல் விளைவு விதி. ஒரு காரணி மாறாமல் இருக்க, மற்றொன்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பின் கூடுதலாகக் கிடைப்பது குறையும். ஏழாவது ஆள் சோம்பேறி என்பதல்ல இதன் பொருள். அவரை முதலில் சேர்த்திருந்தால் அவரும் 40 பீஸ் தைத்திருப்பார். மொத்த உற்பத்தி குறைகிறது என்றும் பொருள் இல்லை. அது 370 வரை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஏறும் வேகம்தான் தளர்கிறது. மால்தஸும் ரிக்கார்டோவும் 1815இல் இதை விளைநிலத்தை வைத்துச் சொன்னார்கள். அங்கே மாறாமல் இருந்தது நிலம், இங்கே மெஷின்.

இப்போது ரூபாயைக் கொண்டுவருவோம். மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கும் 600 ரூபாய்க்கு 80 பீஸ் கிடைக்கிறது. பீஸுக்கு ஏழரை ரூபாய். ஏழாவது ஆளுக்கும் அதே 600தான். கிடைப்பது 20 பீஸ், ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாய். இதற்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். கூலி உயரவில்லை, விலைவாசி ஏறவில்லை. கூடுதல் பீஸ் குறைந்தது ஒன்றே செலவை ஏற்றிவிட்டது. கூடுதல் உற்பத்தியின் கோடு ஏறி இறங்கினால், இறுதிநிலைச் செலவின் கோடு இறங்கி ஏறும்.

பாடப்புத்தகப் படத்தில் இந்தக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை அதன் அடிப்புள்ளியில் வெட்டுவதாகப் போட்டிருப்பார்கள். அட்டவணையிலேயே அது தெரிகிறது. ஆறாவது ஆளின் பீஸ் 15 ரூபாய். அதுவரை இருந்த சராசரியான 16.45ஐ விடக் குறைவு, அதனால் சராசரி 16.29க்கு இறங்குகிறது. ஏழாவது ஆளின் பீஸ் 30 ரூபாய், சராசரி 17.03க்கு ஏறுகிறது. முன்பகுதியில் சராசரி அவ்வளவு வேகமாக இறங்கக் காரணம், 2,100 ரூபாய் மாறாச் செலவு மேலும் மேலும் பீஸ்களில் பங்கிடப்படுவது. பின்பகுதியில் அந்த ஆதாயம் சிறுத்துப்போக, குறைந்து செல் விளைவு மேலோங்குகிறது.

போனில் வந்த ஆர்டருக்கு இதுதான் பதில். 20 பீஸுக்கு வரவு 400, ஏழாவது ஆளின் கூலி 600. பீஸுக்கு 30 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் ஒப்புக்கொள்ளலாம்.

மந்தமான காலத்தில் இதே தவறு தலைகீழாக நடக்கும். கூலி 12 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 16 ரூபாய் ஆகிறதே என்று யூனிட்டைப் பூட்டினால் நாளுக்கு 2,100 ரூபாய் நஷ்டம். ஐந்து பேரை வைத்து 310 பீஸ் தைத்தால் வரவு 3,720, செலவு 5,100. நஷ்டம் 1,380 மட்டும். ஓட்டுவதே மேல். ஆனால் கூலி 9 ரூபாய் ஆனால், எத்தனை ஆள் வைத்தாலும் அவர்கள் சம்பளமே தேறாது. ஆள் கூலியை மட்டும் பீஸுக்குப் பங்கிட்டால் அதன் மிகக் குறைந்த அளவு 9.60, அதற்குக் கீழே போனால் பூட்டுவதுதான் சரி.

இந்தக் கோடுகள் குறுகிய காலத்துக்கு உரியவை. குறுகிய காலம் என்பதை மாதக் கணக்கில் அளப்பதில்லை. மெஷின் எண்ணிக்கையை மாற்ற முடியாத காலம் எதுவோ அதுவே குறுகிய காலம். இன்னொரு பிளாட்லாக் வந்த அன்றே இந்த அட்டவணை செல்லாது. புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

நாள் கூலிக்குப் பதில் பீஸ் ரேட் என்றால், முதலாளியின் நோட்டில் இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. எத்தனை பேர் இருந்தாலும் பீஸுக்கு ஒரே தொகைதான். விதி மறைந்துவிடவில்லை. பிளாட்லாக்குக்குக் காத்திருக்கும் நேரத்துக்கான நஷ்டம் டெய்லரின் வாரச் சம்பளத்தில் இறங்குகிறது. இது நியாயமில்லை, நல்ல கை வேறு யூனிட்டுக்குப் போய்விட்டால் முதலாளிக்கும் நஷ்டம்.

யூனிட் நடத்துபவர்கள் தினமும் இரண்டு எண்களைக் குறித்து வைத்தால் போதும்: வந்த ஆட்கள், முடிந்த பீஸ்கள். லீவு நாட்களே தேவையான வித்தியாசத்தைக் காட்டிவிடும். கூடவே, எந்த மெஷின் முன்னால் கட்டு குவிகிறது என்று பாருங்கள். அடுத்த ஆர்டரை ஏற்கும் முன், சராசரியை மூடி வைத்துவிட்டு, கடைசியாகச் சேர்த்த ஆள் எத்தனை பீஸ் கூட்டினார் என்று கணக்குப் போடுங்கள்.