பயத்தில் தொடங்கித் தெம்பில் முடியும் எட்டு ஸ்லைடுகள்

காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திடீரென்று கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுக்கிறது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலால் வந்த ஃபிட்ஸ்தான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார் மருத்துவர். அன்று இரவு குழந்தை தூங்குகிறது, அம்மா தூங்கவில்லை. போனை எடுத்துத் தேடுகிறார். இன்ஸ்டாகிராமில் இந்த விஷயம் பற்றி கேரசல் போடுகிறவர்கள் எழுதுவது அந்த அம்மாவுக்குத்தான். வலிப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாரும் ஸ்வைப் செய்து படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கேரசல் என்பது பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்கும் படத்தொடர். 2017-இல் இன்ஸ்டாகிராம் இதைக் கொண்டுவந்தபோது ஒரு பதிவில் 10 படங்கள் வரை போடலாம் என்றிருந்தது. 2024-இல் அதை 20 ஆக்கினார்கள். இந்த விஷயத்துக்கு எட்டே போதும். ஒவ்வொரு ஸ்லைடையும் தள்ளும்போது படிக்கிறவரின் மனம் ஒரு படி நகர்கிறது. எழுத்தின் தொனி அந்த மனத்தோடு சேர்ந்து நகர வேண்டும். அதற்கு முன்னால் ஓடினாலும் பின்தங்கினாலும் அவர் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதல் ஸ்லைடில் பலர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘உங்கள் குழந்தையின் உயிருக்கு ஆபத்தா? உடனே படியுங்கள்!’ ஏற்கெனவே நடுங்குகிறவரை இன்னும் உலுக்கும் வேலை இது. எதிர்ப்பக்கம் போய் ‘கவலை வேண்டாம்’ என்று ஆரம்பித்தாலும் சரிப்படாது. குழந்தை கையிலேயே போய்விட்டது என்று அன்று காலை நினைத்தவரிடம் அதைச் சொன்னால், இவருக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றும். நான் எழுதினால், ‘காய்ச்சலில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்ததா? பார்த்தவர்களுக்கு உயிரே போய்த் திரும்பியிருக்கும்’ என்று எழுதுவேன். ஆச்சரியக்குறியும் சிவப்பு எழுத்தும் வேண்டாம். அவர் பயத்தை அவர் அளவிலேயே சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாவது ஸ்லைடிலேயே ஆறுதலைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாவது வரை இழுத்து வைத்து அவரை ஸ்வைப் செய்ய வைப்பது வியாபாரத் தந்திரம். மருத்துவ விஷயத்தில் அது கொடுமையும்கூட. முதல் படத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு இன்ஸ்டாகிராம் பிறகொரு சமயம் இரண்டாவது படத்தைக் காட்டுவதும் உண்டு. அதனால் அது தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும்: ‘காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். இப்படிச் சிறிது நேரம் வந்து நிற்கும் வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது.’ இங்கே வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். பதற்றத்தில் இருப்பவர் நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது மூன்றாவதில். பயம் கொஞ்சம் இறங்கியதும் அந்த அம்மாவிடம் எழுவது தெம்பு அல்ல, குற்ற உணர்ச்சி. ‘மருந்தை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்காதோ?’ பக்கத்தில் மாமியாரோ கணவரோ அதே கேள்வியைக் கேட்டிருக்கவும் கூடும். இதைத் தொடாமல் ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற பட்டியலுக்குத் தாவினால், ஒவ்வொரு வரியும் அவருக்குக் குற்றச்சாட்டாகவே கேட்கும். மூன்றாவது ஸ்லைடு இதற்கு மட்டும்: ‘உங்கள் கவனக்குறைவால் வந்ததில்லை. காய்ச்சல் இருப்பதே தெரிவதற்கு முன்பும் வலிப்பு வரலாம். பாராசிட்டமால் குழந்தையின் உடல் வேதனையைக் குறைக்கும். அடுத்த வலிப்பைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.’

இனி தொனி மாறலாம். நான்காவதில் வினைச்சொற்கள் முன்னால் வரும். ‘தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தருகே துணியைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவருக்கு உதவும்.’ கடிகாரம் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது மருத்துவருக்குத் தேவையான தகவல்; அதோடு அந்த ஐந்து நிமிடமும் அம்மாவின் கைக்கு ஒரு வேலை.

ஐந்தாவது, செய்யக்கூடாதவை. நம் ஊரில் வலிப்பு என்றதும் யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வாயில் ஸ்பூன் வைப்பவர்களும், தண்ணீர் புகட்டுபவர்களும் உண்டு. இரும்பால் வலிப்பு நிற்காது. தானாக நிற்கிற நேரத்தில் இரும்பு பேர் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதினால், அன்று காலை சாவியை வைத்த பாட்டியின் பேத்திதான் இதைப் படிக்கிறார் என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். ‘சாவி தேவையில்லை, தானாகவே நிற்கும். வாயில் எதுவும் வைக்க வேண்டாம், பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம்’ என்று காரணத்தோடு சொல்லி நகர்ந்துவிடலாம். சாவியை வரைந்து ஓரத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போடுவதையும் தவிர்க்கலாம். அந்த ஒரு படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, சாவி தெரியும், குறி தெரியாது.

ஆறாவது ஸ்லைடில் பயம் திரும்பி வர வேண்டும். பயத்திலிருந்து தெம்புக்கு நேர்கோட்டில் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அபாய அறிகுறிகளை எழுதினால் கட்டிய தெம்பு இடிந்துவிடும் என்று நினைத்து, பொடி எழுத்தில் கடைசியில் போடுவார்கள். அது ஆபத்து. ‘5 நிமிடத்தைத் தாண்டினால் 108. ஒரே நாளில் மறுபடி வந்தால், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், நின்ற பிறகும் குழந்தை தெளியாவிட்டால், கழுத்து விறைத்திருந்தால், குழந்தைக்கு 6 மாதம் ஆகாவிட்டால் உடனே மருத்துவமனை. முதல் முறை வந்தது எதுவானாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.’ இதையே முதல் ஸ்லைடில் போட்டிருந்தால் திகில். இப்போது என்ன செய்வது என்று தெரிந்தவரின் கையில் இருக்கும் அளவுகோல்.

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றிய கையேடுகளைக் கொடுத்துப் பார்த்து 1965-இல் வெளியிட்டது. கடுமையாகப் பயமுறுத்திய கையேடும் மிதமான கையேடும் ஊசி போட வந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. சுகாதார மையத்துக்கு வழிகாட்டும் வரைபடத்தையும், எப்போது போகலாம் என்று யோசிக்கச் சொல்லும் குறிப்பையும் சேர்த்ததும் 100-க்கு ஏறத்தாழ 28 பேர் வந்தார்கள். பயத்தை மட்டும் கொடுத்த இடத்தில் 3 பேர்தான். தெம்பு என்பது உற்சாக வார்த்தையிலிருந்து வருவதல்ல, வழி தெரிவதிலிருந்து வருகிறது. பிற்பாடு கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-இல் இதன் மறுபக்கத்தை விளக்கினார்: பயம் அதிகமாகி, தன்னால் முடியும் என்ற எண்ணம் குறைந்தால், மனிதர்கள் ஆபத்தைச் சமாளிப்பதை விட்டுப் பயத்தைச் சமாளிக்கத் தொடங்கிவிடுவார்கள். இன்ஸ்டாவில் அதன் பெயர் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போவது.

ஏழாவதில் உண்மையை மறைக்காத ஆறுதல்: மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம், பள்ளிக்குப் போகும் வயதில் பெரும்பாலும் விட்டுப்போகும். எட்டாவதில் 108 என்ற எண், ஐந்து நிமிடம், ஒருக்களித்த குழந்தையின் படம், அவ்வளவுதான். ‘ஃபாலோ பண்ணுங்க’ என்பதை அங்கே திணிக்காமல், ‘பாட்டிக்கும் அப்பாவுக்கும் அனுப்பி வையுங்கள்’ என்று எழுதலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சின்னக் குழந்தை உள்ள ஒருவரிடம் காட்டி, ‘மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘பயப்பட ஒன்றுமில்லையாம்’ என்று மட்டும் சொன்னால் ஆறாவது ஸ்லைடு வேலை செய்யவில்லை. ‘ஐயோ, வராமல் இருக்க என்ன செய்வது?’ என்று கேட்டால் மூன்றாவது. ‘ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், நேரம் பார்ப்பேன், தாண்டினால் 108’ என்று சொன்னால், குழந்தை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பதிவிடுங்கள்.