மின்வேலிக் கேள்விக்கு மூன்று விடைகள்

சட்டக் கல்லூரித் தேர்வில் 'பிராப்ளம்' கேள்வி ஒன்று இப்படி வரலாம். காட்டுப்பன்றித் தொல்லைக்காக ஒரு விவசாயி, கடலைக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார். இரவில் பக்கத்து நிலத்துக்காரர் அதில் சிக்கி இறந்துபோகிறார். விவசாயி செய்த குற்றம் என்ன?

உயிர் போய்விட்டதே என்று உடனே 'கொலை' என எழுதினால் மதிப்பெண் போய்விடும். சாவு மூன்று விடைகளுக்கும் பொது. சாவதற்கு முன் விவசாயியின் மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான தடயம் கேள்வித்தாளின் வரிகளில்தான் இருக்கும்.

இரவில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது என்று அவர் நம்பியிருந்தால் அது கவனக்குறைவு. 'யாராவது வரக்கூடும் என்று யோசித்திருக்க வேண்டாமா?' என்பதே அவர்மேல் சட்டம் வைக்கும் குற்றச்சாட்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவுப்படி ஐந்தாண்டு வரை சிறை.

இப்போது கேள்வியில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்போம்: 'விடியுமுன் களையெடுக்கப் போகிறவர்கள் அந்த வரப்பு வழியாகத்தான் போவார்கள், அதை அவரே தினமும் பார்த்திருக்கிறார்.' இனி 'யோசித்திருக்க வேண்டும்' என்ற பேச்சுக்கு இடமில்லை. அவருக்கே தெரியும். யாரையும் சாகடிக்க அவர் விரும்பவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் சாவு நேரக்கூடும் என்று அறிந்தே செய்ததால் இது கொலையாகாத மரணம் விளைவித்தல். 105ஆம் பிரிவின் பிற்பகுதிப்படி பத்தாண்டு வரை சிறை.

மாணவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான். 'தெரிந்திருக்க வேண்டும்' என்பதையும் 'தெரியும்' என்பதையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுவார்கள். முன்னது ஊரார் பார்வையில் எடை போடுவது. பின்னதற்கு அவர் பார்த்தது, கேட்டது, அவரை யாராவது எச்சரித்தது என ஏதாவது சான்று வேண்டும். போன வாரம் அதே கம்பியில் ஒரு மாடு செத்தது என்று கேள்வியில் இருந்தால், அதை விட்டுவிட்டு விடை எழுதவே கூடாது.

பகையாளி வருவதைப் பார்த்துவிட்டு அவர் சுவிட்சைப் போட்டாரா? அப்படியென்றால் உள்நோக்கம் வந்துவிட்டது. 101ஆம் பிரிவின்படி கொலை. ஆனால் உள்நோக்கம் இல்லையென்றாலே கொலையில்லை என்று முடித்துவிடவும் முடியாது. அநேகமாகச் சாவு நிச்சயம் என்று தெரிந்தே, தகுந்த காரணமில்லாமல் அந்த அபாயத்தில் இறங்கினால் அதே 101ஆம் பிரிவின் கடைசிக் கூறு அதையும் கொலையாக்கிவிடும்.

பழைய தீர்ப்பு ஒன்றும் கைகொடுக்கும். செருபின் கிரிகோரி வழக்கில், தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்தக் கூடாதென்று ஒருவர் அதற்குப் போகும் வழியில் எச்சரிக்கை ஏதுமின்றி மின்கம்பி கட்டினார். ஒரு பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய 304ஏ பிரிவில் அவருக்குக் கிடைத்த தண்டனையை உறுதிசெய்தது.

ஆகவே விடைத்தாளில் பிரிவு எண்ணை முதலில் எழுதாதீர்கள். அவருக்கு என்ன தெரியும் என்று காட்டும் வரிகளை அடிக்கோடிட்ட பிறகு எழுதுங்கள்.