அறுபது பேர், இரண்டு பொம்மைகள்

திருப்பூரில் 180 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முதலுதவிப் பயிற்சிக்காக அங்கிருந்து கிளம்பும் மெயில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "60 பேருக்கு ஒருநாள் பயிற்சி, கொட்டேஷன் அனுப்பவும்." உடனே ஒரு தொகை வந்துவிடும். எதற்கான தொகை என்பதுதான் தெரியாது.

60 பேரும் ஒரே அறையில், நெஞ்சை அழுத்திப் பழக இரண்டு பொம்மைகள், அதற்கு இரண்டு மணி நேரம். கணக்குப் போட்டால் ஆளுக்கு 4 நிமிடம். இடம் மாறி உட்காருவதிலேயே அதில் பாதி போய்விடும். மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதே 60 பேரை 20 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு நான்கு பொம்மைகள் கேட்டால் ஒரு மணி நேரத்திலேயே ஆளுக்கு 12 நிமிடம் கிடைக்கும். பயிற்றுநரின் நாள்கள் கூடும், தொகையும் ஏறும். அதனால் தலைக்கணக்கோடு குழுக்கணக்கையும் கம்பெனியே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, பயிற்சியின் நோக்கம். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதினால், எல்லா இடத்திலும் காட்டும் அதே ஸ்லைடுகள்தான் வரும். விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் கேட்க வேண்டியது தெரியும்: விரலில் ஏறிய ஊசி, கட்டிங் மெஷின் வெட்டு, ஸ்டீம் அயர்ன் சூடு. அதை வைத்து இப்படி எழுதலாம்:

"பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, இரண்டு நிமிடம் விடாமல் நெஞ்சை அழுத்திக் காட்ட வேண்டும். வெட்டுக்காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தத் தெரிய வேண்டும். தீக்காயத்தில் பேஸ்ட் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டத் தெரிய வேண்டும். 25 பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு இந்தியில் நடத்த வேண்டும். ஷிஃப்ட் காலை 8.30க்குத் தொடங்கும், குழுவுக்கு நான்கு மணி நேரம் தர முடியும்."

இந்தி வகுப்பு என்ற அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் 25 பேர் என்பதால் குழுக்கணக்கும் மாறும்: தமிழில் 18, 17 என இரண்டு குழுக்கள், இந்தியில் 13, 12 என இரண்டு. ஆக மூன்று நான்காகிறது. இது முதலிலேயே தெரிந்தால்தான் தொகை சரியாக வரும்.

கொட்டேஷன் வந்ததும் தொகை ஆளுக்கா, நாளுக்கா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ்க் கட்டணம், பயணச் செலவு, ஜி.எஸ்.டி. ஆகியவை உள்ளேயா, தனியா என்பதும் தெரிய வேண்டும். 18 சதவீத வரி சேர்ந்ததும் மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது. எந்த வேலை, எத்தனை ஷிஃப்ட் என்று எதிர்க்கேள்வியே கேட்காமல் விலை சொல்லும் நிறுவனம், பெரும்பாலும் கையில் இருக்கும் பாடத்தையே நடத்திவிட்டுப் போகும். நெஞ்சை அழுத்திக் காட்டுவதில் தேறாதவர்களுக்கு மறுபயிற்சி அதே தொகையில் உண்டா என்ற பதிலையும் வேலையை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.