காலை ஏழு மணி ரிப்போர்ட்டில் எந்த நாள் கணக்கு?

பன்னிரண்டு ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் விற்பனை ரிப்போர்ட் தினமும் காலை 7 மணிக்கு முதலாளிக்கும் கொள்முதல் மேலாளருக்கும் மின்னஞ்சலில் தானாகவே வந்துவிடும். எந்தக் கிளைக்கு எத்தனை டின் எண்ணெய், எத்தனை மூட்டை பருப்பு ஏற்றுவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு திங்கட்கிழமை வந்த ரிப்போர்ட்டின் தலைப்பில் அன்றைய தேதி இருக்கிறது. கூட்டல், சதவீதம் எல்லாம் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு என்று அதில் இருப்பது சனிக்கிழமை விற்பனை. நம்பும்படியான எண்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாயிறு அதிகம் விற்ற சரக்கு, திங்கள் மாலையே அலமாரியில் இல்லாமல் போகிறது.

எண் தப்பாக இருந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள். பழைய எண் அப்படியல்ல. அது ஒரு காலத்தில் சரியாக இருந்த எண். அதனால்தான் அதைப் பிடிப்பது கடினம்.

கவுண்டரில் அடித்த பில் நேராக ரிப்போர்ட்டுக்குப் போவதில்லை. முதலில் கடைக் கணினியில் பதிவாகிறது. இரவு கடை அடைத்து நாள் கணக்கு முடித்த பிறகு தலைமை அலுவலக சர்வருக்குப் போகிறது. நள்ளிரவுக்குமேல் 2 மணிக்கு ஒரு வேலை எல்லாக் கிளைகளின் பில்களையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. 4 மணிக்கு இன்னொரு வேலை அவற்றைக் கூட்டிச் சுருக்கப் பட்டியல் தயாரிக்கிறது. 7 மணிக்குக் கிளம்பும் ரிப்போர்ட் அந்தச் சுருக்கப் பட்டியலை மட்டுமே படிக்கும், பில்களைப் பார்க்காது.

இந்த வேலைகளை இணைப்பது கடிகாரம் மட்டுமே. 2 மணி வேலை முடிந்ததா என்று 4 மணி வேலை கேட்பதில்லை. இணைப்பு ரயில் வந்ததா என்று பார்க்காமல் நேரமானதும் கிளம்பிவிடும் பேருந்து மாதிரிதான். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் முடியும் பில் சேர்ப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தால் 4.40 வரை இழுத்தால், 4 மணிக்குத் தொடங்கிய சுருக்கம் அதுவரை வந்த பில்களை மட்டும் கூட்டிவிட்டு ‘வெற்றி’ என்று பதிவு செய்துவிடும். எங்கும் பிழைச் செய்தி வராது.

நம் கதையில் சனிக்கிழமைக் கணக்கு வந்ததற்குக் காரணம் வேறு, இந்தியாவில் அடிக்கடி நடப்பது. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான UTC-இல்தான் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். திங்கள் காலை 4 மணிக்கு இங்கே சுருக்க வேலை ஓடும்போது, அந்த சர்வரின் கடிகாரத்தில் ஞாயிறு இரவு 10.30. ‘நேற்றைய விற்பனையைக் கொடு’ என்று கேட்டால், அதன் கணக்கில் நேற்று என்பது சனிக்கிழமை. காலை 5.30 தாண்டி ஓடியிருந்தால் இதே வேலை சரியான விடை தந்திருக்கும். அதனால்தான் அலுவலக நேரத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை தென்படவே தென்படாது. உங்கள் தரவுத்தளம் PostgreSQL என்றால், `SHOW timezone;` என்று கேட்டாலே எந்த நேரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ரிப்போர்ட் வேலையின் தொடக்கத்தில் `SET TIME ZONE 'Asia/Kolkata';` என்று வைத்தால், நேற்று என்பது நம் நேற்றாகும். நேர மண்டலத்தோடு பில் நேரம் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தலைப்பில் இருக்கும் தேதியை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. அது பெரும்பாலும் எக்செலின் `=TODAY()` மாதிரி ஒரு சூத்திரம். ரிப்போர்ட் தயாரான நாளைச் சொல்லுமே தவிர, உள்ளிருக்கும் தரவின் நாளைச் சொல்லாது. பிவட் டேபிளும் இப்படித்தான்: ரீஃப்ரெஷ் செய்யும்வரை பழைய நகலையே காட்டும். பவர் பிஐயில் ரீஃப்ரெஷ் தோற்றால் கடைசியாக வெற்றி பெற்ற தரவே திரையில் நிற்கும். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அந்த ஷெட்யூலையே அது நிறுத்திவிடும். அதற்கான எச்சரிக்கை மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கவும் கூடும்.

அப்படியானால் அனுப்பும் முன் எதைப் பார்ப்பது? பலரும் கடைசி பில்லின் நேரத்தைப் பார்த்து, அது நேற்றிரவு என்றால் திருப்தி அடைகிறார்கள். பதினொரு கிளைகளின் கணக்கு வராவிட்டாலும், ஒரே ஒரு கிளையின் கடைசி பில் இந்தச் சோதனையைத் தேற்றிவிடும். ஒரு கவுண்டர் கணினியில் தேதி அடுத்த மாதத்துக்குத் தவறாக வைக்கப்பட்டிருந்தால், ஒரு மாதத்துக்கு இந்தச் சோதனை தோற்கவே தோற்காது. ஆகவே கிளைவாரியாக, நேற்று என்ற எல்லைக்குள் மட்டும் பார்க்க வேண்டும்:

```sql
SELECT b.branch_name,
       MAX(s.bill_time) AS last_bill,
       COUNT(s.bill_no) AS bills
FROM branches b
LEFT JOIN sales s
  ON s.branch_id = b.branch_id
 AND s.bill_time >= CURRENT_DATE - 1
 AND s.bill_time <  CURRENT_DATE
GROUP BY b.branch_name
ORDER BY last_bill NULLS FIRST;
```

இதில் முக்கியமானது, கிளைகளின் பட்டியலிலிருந்து தொடங்குவது. விற்பனைப் பட்டியலிலிருந்து தொடங்கினால், ஒரு பில்கூட வராத கிளை விடையில் தோன்றவே தோன்றாது. இல்லாத வரியைக் கண் கவனிக்காது. இங்கே அந்தக் கிளை முதல் வரியிலேயே பூஜ்யத்துடன் நிற்கும். அடுத்து கடைசி பில் நேரம். பத்து மணிக்கு அடைக்கும் கடையில் அது மதியம் 2.15 என்று காட்டினால், அதன்பிறகு இணைப்பு அறுந்திருக்கலாம். பில் எண்ணிக்கையை முந்தைய நாளோடு ஒப்பிடாமல் போன வாரத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுங்கள். ஞாயிறையும் திங்களையும் ஒப்பிட்டால் வாரந்தோறும் வீண் எச்சரிக்கை வரும், நாளடைவில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். பாதிக்குக் கீழே போனால் நிறுத்து என்று தொடங்கி, சில வாரம் பார்த்து எல்லையை மாற்றிக்கொள்ளலாம்.

பில்கள் எல்லாம் வந்திருந்தும் சுருக்கப் பட்டியல் அவற்றுக்கு முன்பே தயாராகியிருக்கலாம். நேற்றைய மொத்தத் தொகையை இரண்டிலும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். நம் திங்கட்கிழமையை இந்த ஒரு ஒப்பீடே காப்பாற்றியிருக்கும்.

சோதனையை மனிதர் தினமும் நினைவு வைத்துச் செய்வது நடக்கிற காரியமல்ல. அதை 7 மணி வேலையின் முதல் படியாக்கி, தோற்றால் ரிப்போர்ட் கிளம்பாதபடி வைக்க வேண்டும். பவர் பிஐ சந்தாவில் தரவு ரீஃப்ரெஷ் ஆன பிறகே அனுப்பு என்ற தேர்வு இருக்கிறது. நேரம் குறிப்பதைவிட அது மேல்.

ரிப்போர்ட் நின்றுவிட்டால் மௌனமாக இருப்பதும் ஆபத்து. ‘மின்னஞ்சல் வரவில்லை, நேற்றையதையே பார்ப்போம்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே 7 மணிக்கு, அதே ஆட்களுக்கு, ‘பத்துக் கிளைக் கணக்கு முழுமை, ஒரு கிளை வரவில்லை, ஒரு கிளை மதியம் 2.15 வரை மட்டும். திருத்திய ரிப்போர்ட் 9 மணிக்கு’ என்று இரண்டு வரி போக வேண்டும். கொள்முதல் மேலாளர் அந்த இரண்டு கிளைகளுக்கும் போன் போட்டு இருப்பு கேட்டுக்கொள்வார், மற்ற பத்துக்கும் லாரி கிளம்பும்.